கதவில் பை தொங்கவிட்டுப் போனவர்களுக்கு

ஆளாளுக்குத் தனியாக எழுதலாம் என்று இரண்டு தரம் உட்கார்ந்தேன், ஒன்றும் ஓடவில்லை. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். போன கிழமை புதுக்கடை நீதிமன்றத்தில் என் விவாகரத்து வழக்கு முடிந்தது. முந்தின வருட ஆவணியில் மகனையும் மூன்று பையையும் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸுக்கு வந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஏதோ ஒன்று கொண்டுவந்து தந்த ஒவ்வொருவருக்கும் நன்றி. யாருடைய பெயரும் போட மாட்டேன். போட்டால் உங்கள் வீட்டு மாமிமாருக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

முதலில் காஸ். பிரிந்து வருகிறவளிடம் என்ன இருக்காது என்று ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. உடுப்பு இருந்தது, மகனின் புத்தகம் இருந்தது, பிறப்புச் சான்றிதழ்கூடக் கவனமாக எடுத்து வந்திருந்தேன். குசினிக்குள் போய் நின்றபோதுதான் விளங்கியது, அடுப்பு இருக்கிறது, சிலிண்டர் இல்லை. வெறுஞ்சிலிண்டர் கொண்டுபோனால் கடைக்காரர் மாற்றித் தருவார். கையை வீசிக்கொண்டு போனால் சிலிண்டருக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். வீட்டு அட்வான்ஸ் கொடுத்த கையோடு அது பெரிய காசு. அன்று பின்னேரம் என் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி போன் எடுத்தாள். "எப்படி இருக்கிறாய்" என்று கேட்கவில்லை. "உன் அடுப்பில் இருக்கிற ரெகுலேட்டர் நீலத்துக்கா மஞ்சளுக்கா" என்று கேட்டாள். போய்ப் பார்த்துச் சொன்னேன், நீலம். அவளுடைய அம்மா வீட்டுப் பின்பக்கத்தில் 5 கிலோ நீலச் சிலிண்டர் ஒன்று சும்மா கிடந்ததாம். வரும் வழியிலேயே நிறைத்துக்கொண்டு ஓட்டோவில் கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு நெருப்புப்பெட்டி, ஒரு சவர்க்காரத் துண்டைக் கரைத்த போத்தல். அந்த நுரையை ரெகுலேட்டர் சந்தியில் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, "சரி, தேத்தண்ணி வை" என்றாள். அவ்வளவுதான். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அந்தக் கேள்வியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் "என்ன வேணும் சொல்லு, கூச்சப்படாதே" என்று எத்தனையோ பேர் மனதாரக் கேட்டீர்கள். எல்லாருக்கும் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொன்னேன். பொய் இல்லை, யோசிக்கவே முடியவில்லை. யோசித்து ஒரு சாமானின் பெயரைச் சொன்னால் கை நீட்டின மாதிரி இருக்கும். நீலமா மஞ்சளா என்றால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். மூன்றாம் மாடி அக்காவின் கணவரும் அப்படித்தான். "பிளக் பொயின்ட் வட்டமா சதுரமா" என்று மட்டும் கேட்டார். பழைய வீடு, எல்லாம் வட்டக் கால் பொயின்ட். நான் கொண்டுவந்த சார்ஜர் எல்லாம் சதுரம். இரண்டு அடாப்டர் கொண்டுவந்து தந்து, "போனுக்கும் மேசை விளக்குக்கும் மட்டும். அயன் பொக்ஸ், ரைஸ் குக்கர் இதில போடாதீங்க தங்கச்சி, சூடேறி உருகும்" என்றார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, ஏன் தனியாக வந்தேன் என்றும் கேட்கவில்லை. பிறகு அக்கா வந்து நுளம்பு வலை கட்ட ஆணி அடித்துத் தந்தார். கடலோரப் பக்கம் நுளம்பு குறைவு என்று சொல்கிறவர்கள் ஒரு இரவு எங்கள் அனெக்ஸில் படுத்துப் பார்க்கலாம்.

அப்புறம் சாப்பாடு. இதில் நல்லதும் நடந்தது, கொஞ்சம் பகிடியும் நடந்தது. முதல் கிழமையில் ஒரே நாளில் நாலு சோற்றுப் பார்சல் வந்தது. நானும் ஒன்பது வயதுப் பிள்ளையும் மட்டும், பிரிட்ஜ் என் இடுப்பளவு. இரண்டு பார்சல் பழுதாகிப்போய், கொட்டும்போது கொண்டுவந்தவர்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது கிழமையில் ஒரு பார்சல்கூட இல்லை. குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் சோலி இருக்கிறது. சாவீட்டுக்கு எட்டுக்கு இன்னது, முப்பத்தொன்றுக்கு இன்னது என்று கணக்கு இருக்கிறது. இதற்கு அப்படி ஒரு கணக்கு நம்மிடம் இல்லையே.

அந்த மூன்றாவது கிழமையில்தான் தெஹிவளை அன்ரி தொடங்கினார். ஒவ்வொரு வியாழனும் ஆறரை மணிக்கு கதவுப் பிடியில் ஒரு பை தொங்கும். இருபது இடியப்பம், சொதி, ஒரு சம்பல். எல்லாம் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில். போனுக்கு மெசேஜ் வரும்: "தொங்குது. பதில் போட வேண்டாம். டப்பா திருப்ப வேண்டாம்." கடைசி வரிதான் பெரிய விஷயம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. இன்னொருவர் நல்ல கண்ணாடிப் பாத்திரத்தில், மூடியெல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி இறுக்கமாக, இறால் கறி தந்திருந்தார். கறி அருமை. ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அதற்குள் ஏதோ செய்து போட்டு, கொண்டுபோய்க் கொடுத்து, உள்ளே உட்கார்ந்து, முழுக் கதையும் சொல்லி முடித்து வர எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அவர் இதை வாசிக்கிறார் என்று தெரியும். கறிக்கு நன்றி அக்கா, உண்மையாகவே. அடுத்த முறை மார்ஜரின் டப்பா.

அன்ரி பதினொரு வியாழன் தந்தார். பன்னிரண்டாவதுக்கு முந்தின நாள், "நாளைக்கு நீ எனக்குத் தேங்காய் துருவித் தா" என்று கூப்பிட்டார். அப்படித்தான் நிறுத்தினார், நிறுத்தின மாதிரியே தெரியவில்லை.

வந்ததில் எனக்கு ஒத்துவராததும் இருந்தது. சொல்லலாம்தானே, கோபிக்காதீர்கள். "புது வாழ்க்கைக்கு வாழ்த்து" என்று ஐசிங்கில் எழுதின கேக் ஒன்று. மகன் அதை வாசித்துவிட்டு "ஆருக்கு பர்த்டே" என்று கேட்டான். நான் எழுத்தை மட்டும் கரண்டியால் வழித்துவிட்டு வெட்டிக் கொடுத்தேன். மன்னிப்பது எப்படி என்று ஒரு புத்தகம். நான் ஒருத்தரையும் மன்னிக்கும் கட்டத்தில் அப்போது இல்லை, பால்காரரைக்கூட. "அவன் ஒரு நாய்" என்று தொடங்கும் நீண்ட குரல் பதிவுகளையும் ஒருவகைப் பரிசாகத்தான் அனுப்பினீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நாய் என் பிள்ளையின் அப்பா, ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிப்போக வருகிறவர். அறை சின்னது, போனின் சத்தம் பெரியது.

காசு விஷயம் சங்கடமானது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. கவரில் காசு தந்த இரண்டு பேருக்கும் நான் திருப்பிக் கொடுத்தேன், அது உங்களுக்கு நொந்திருக்கும். வாங்கியிருந்தால் உங்களைக் காணும்போதெல்லாம் நான் குனிந்திருப்பேன். ஒருத்தி மட்டும் வேறு வழி பிடித்தாள். "ஸ்கூல் வேன்காரரின் நம்பர் தா, என் மகளுக்கும் கேட்கணும்" என்று வாங்கி, இரண்டு மாதக் காசை அவரிடமே கட்டிவிட்டு, பிறகு எனக்குச் சொன்னாள். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை, உண்மை. கேட்காமல் செய்தது சுட்டது. ஆனால் அந்த இரண்டு மாதமும் மாதக் கடைசியில் எனக்கு வயிறு கலங்கவில்லை என்பதும் உண்மை. பிறகு கரண்ட் பில்லுக்கு அவள் "கணக்கு நம்பரை அனுப்பு, இந்த மாதம் மட்டும், ஓமா இல்லையா" என்று கேட்டாள். ஓம் என்றேன். கேட்டுச் செய்தபோது சுடவில்லை.

நீதிமன்ற நாட்களுக்குத் தனி நன்றி. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, இங்கே பொதுச் சட்டத்தில் "இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை" என்று சொல்லி விவாகரத்து எடுக்க முடியாது. பிறன்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டது, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். ஆகவே இரண்டு பேரும் சமாதானமாகப் பிரிந்தாலும் ஒருவர் மற்றவரைக் குற்றம் சொல்லித்தான் ஆக வேண்டும், அதை ஊரார் இருக்கிற மண்டபத்தில் சொல்ல வேண்டும். அந்தக் காலை என் தோழி ஒரு பிளாஸ்டிக் உறைக் கோப்பு கொண்டுவந்தாள். ஒவ்வொரு உறையிலும் ஒரு ஆவணம், ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோகொப்பி, மேலே பென்சிலில் எண். ஒரு தண்ணீர்ப் போத்தல், இஞ்சி டொபி. வாங்கில் என் பக்கத்தில் மத்தியானம் வரை இருந்தாள், கதைத்தது பத்து வசனம் இருக்காது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எனக்கு ஒரு பொருளும் தரவில்லை. தந்திருந்தால் மாலைக்குள் கதை கட்டியிருப்பார்கள், அது அவருக்கும் தெரியும். வழக்குத் தவணை வந்த ஒவ்வொரு முறையும் என் டியூட்டியை மாற்றி எடுத்துக்கொண்டார். அதைவிட எனக்கு என்ன வேண்டும்.

இன்னொன்று. முதல் தீர்ப்பு வந்த அன்று நிறையப் பேர் "முடிந்ததா" என்று மெசேஜ் போட்டீர்கள். முடியவில்லை. அது டிக்ரி நைசை. குறைந்தது மூன்று மாதம் போன பிறகுதான் டிக்ரி அப்சலூட் ஆகும், அதுவரை சட்டப்படி நான் மனைவிதான். எல்லாரும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த மூன்று மாதம்தான் எனக்கு மிக நீளமாக இருந்தது. தெஹிவளை அன்ரி மட்டும் நாட்காட்டியில் திகதி குறித்து வைத்திருந்தாராம். போன கிழமை கடைசித் தாள் கைக்கு வந்த அன்று என்னையும் மகனையும் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய் இறால் வடை வாங்கித் தந்தார். வாழ்த்தவும் இல்லை, பாவம் என்று சொல்லவும் இல்லை. மகன் பட்டம் கேட்டான், வாங்கினார்.

கடைசியாக ஒரு கார்ட். தை மாதத்தில் என் மச்சாள், ஓம், மகனின் அப்பாவுடைய சொந்தத் தங்கச்சி, தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு அழைக்க வந்தாள். உறையில் "திரு திருமதி" என்று அச்சடித்த இடத்தைக் கோடு போட்டு வெட்டாமல், வேறு வெறும் உறை எடுத்து, என் பெயரையும் மகனின் பெயரையும் கையால் எழுதியிருந்தாள். மண்டப வாசலில் குங்குமத் தட்டோடு நின்ற பிள்ளை என் வெறுங்கழுத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கியது. மச்சாள் எங்கிருந்தோ வந்து தட்டை வாங்கி, எனக்குத் தானே சந்தனமும் குங்குமமும் வைத்து, "உள்ளே போங்கோ மச்சாள், ஆலாத்தி எடுக்க ஆள் குறையுது" என்றாள். போனேன், எடுத்தேன்.

சரி, இன்னும் ஒரு விஷயம். என்னிடம் பச்சை மூடி போட்ட ஒரு டப்பா மிஞ்சிக் கிடக்கிறது, அடியில் நீலப் பேனையால் "ஜெ" என்று எழுதியிருக்கிறது. பருப்பு வடை வந்தது அதில். உரியவர் சொல்லுங்கள். மூடியின் ஒரு மூலை அடுப்புப் பக்கம் வைத்துக் கொஞ்சம் உருகிவிட்டது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.