ஒரு சான்றுக்கு ஒரு பெயர் வேண்டும்: தமிழ் வளர்ச்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவன். இ-சேவை வந்த பிறகு எங்களுக்கு வேலை இருக்காது என்றார்கள். விண்ணப்பம் இப்போது கணினியில் போகிறது, உண்மைதான். அது ஏன் திரும்பி வந்தது என்று கேட்க மக்கள் எங்களிடம்தான் வருகிறார்கள். திரும்பி வருகிறவற்றில் பலவற்றுக்குக் காரணம், ஒரே தாளுக்கு அலுவலகத்துக்கு ஒரு பெயர் இருப்பதும், ஒரே பெயரில் வெவ்வேறு தாள்கள் இருப்பதும்தான். இதைத் தீர்க்கும் பொறுப்பு தங்கள் துறையுடையது என்பதால் தங்களுக்கே எழுதுகிறேன்.

அண்மையில் ஓர் அம்மா வந்தார். கணவர் நிலம் விற்ற பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தார். யாரையும் நாமினியாகக் காட்டவில்லை. அவர் இறந்த பிறகு பணத்தைக் கேட்கப் போனபோது கிளையில் தமிழிலேயே ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள்: "வாரிசுரிமைச் சான்றினைச் சமர்ப்பிக்கவும்." அவர் இ-சேவை மையத்துக்குப் போய் அந்தக் கடிதத்தைக் காட்டினார். அங்கிருந்தவர் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டார். கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரித்தார், வருவாய் ஆய்வாளர் அறிக்கை கொடுத்தார், வட்டாட்சியர் சான்று வழங்கினார். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நால்வரின் பெயரும் உறவுமுறையோடு சரியாக இருந்தது. ஒருவர்கூடத் தம் வேலையில் தவறவில்லை. அதை எடுத்துக்கொண்டு போனவரிடம் கிளை மேலாளர், "இது இல்லைம்மா, கோர்ட்டில் வாங்கும் சான்று" என்று சொல்லித் திருப்பிவிட்டார்.

அந்த மேலாளர் கேட்டதும் சட்டப்படி சரியே. வட்டாட்சியர் தருவது, இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று சொல்லும் சான்று. குடும்ப ஓய்வூதியத்துக்கும் பட்டா மாறுதலுக்கும் அது போதும். உரிமையியல் நீதிமன்றம் தருவது வேறு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனு போட்டு, அறிவிப்பு கொடுத்து, மறுப்பவர் உண்டா என்று பார்த்து, இறந்தவருக்கு வரவேண்டிய கடனையும் பத்திரங்களையும் வசூலிக்க இன்னாருக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் தரும் சான்று அது. வங்கி வைப்பு என்பது வங்கி அவருக்குத் தரவேண்டிய கடன். நாமினி இல்லாமல், தொகையும் வங்கி வைத்திருக்கும் வரம்புக்கு மேல் இருந்தால், அந்தச் சான்றைப் பார்த்துப் பணம் கொடுத்தால் வங்கிக்குச் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், தொகையைப் பொறுத்து ஏறும் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்படி அலுவலகமும் சட்டமும் செலவும் வேறான இரண்டு சான்றுகளை ஒரு படிவம் வாரிசுச் சான்று என்கிறது, இன்னொன்று வாரிசுரிமைச் சான்று என்கிறது, வேறொன்று சட்டப்படியான வாரிசுச் சான்றிதழ் என்கிறது. எது எந்தத் தாள் என்பது கேட்கிற எழுத்தருக்கு மட்டும்தான் தெரியும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்த பெண், கடைசியில் நகையை அடகு வைத்தார்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அது இன்னும் மோசம். பல படிவங்களில் நாமினிக்கான கட்டத்தில் "வாரிசுதாரர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் தம்பியின் பெயரை எழுதியவர் இறந்துபோகிறார். "அண்ணனே என்னை வாரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று தம்பி படிவத்தைக் காட்டுகிறார். வங்கி வைப்பைப் பொறுத்தவரை நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், சொந்தக்காரர் அல்லர். அந்தப் பணம் சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010இலேயே ஒரு வங்கிக் கணக்கு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, அச்சிட்ட படிவம் தம்பி கையில் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் எது ஜெயிக்கும் என்று தங்களுக்கே தெரியும்.

துறை எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆட்சிமொழிச் சட்டம் 1956 டிசம்பரில் வந்தது, அதையொட்டியே ஆட்சிச் சொல்லகராதியும் வந்தது. துறைகளுக்கென்று சிறப்புச் சொல் துணையகராதிகளும் இருக்கின்றன. ஆனால் அவை ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிற எழுத்தருக்காக, ஆங்கில அகரவரிசையில் செய்தவை. எங்களுக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு சான்றுக்கும் உத்தரவுக்கும் ஒரு பதிவு போடுங்கள். அதை வழங்குபவர் யார், எந்தச் சட்டப்படி, எதற்குப் பயன்படும், இனி எழுத வேண்டிய பெயர் எது, கைவிட வேண்டிய பெயர்கள் எவை என்று அந்தப் பதிவு சொல்லட்டும். புதுச்சொல் படைக்கவும் நான் கேட்கவில்லை. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் யாரையும் அலைக்கழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். நீதிமன்றம் தருவதற்கு "நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று" என்று எல்லாரும் முழுதாக எழுதினாலே அந்த அம்மா நேராக வழக்கறிஞரிடம் போயிருப்பார். நாமினிக்கு நியமனதாரர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே கட்டாயமாக்கினால் போதும்.

கட்டாயம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அகராதி அச்சாகி அலமாரியில் இருந்துவிட்டால் பயனில்லை. அரசாணையாக வர வேண்டும், இ-சேவைப் படிவங்களிலும் சான்றுகளின் தலைப்பிலும் முதலில் மாற வேண்டும். தங்கள் அலுவலர்கள் ஆட்சிமொழி ஆய்வுக்கு வரும்போது பெயர்ப்பலகை தமிழில் இருக்கிறதா, முத்திரை தமிழில் இருக்கிறதா, வரைவு தமிழில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த ஆய்வில் தேறிய அலுவலகத்துக்குக் கேடயமும் கிடைக்கிறது. எழுதிய தமிழ் அடுத்த அலுவலகத்தில் செல்லுபடியாகிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. தமிழில் எழுதினால் மக்களுக்குப் புரியும் என்றுதானே சட்டம் கொண்டு வந்தோம்? புரியாத தமிழுக்குக் கேடயம் கொடுப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது, ஐயா.

வங்கிகள் மாநில ஆட்சிமொழிச் சட்டத்துக்குள் வரமாட்டா என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாநில அளவிலான வங்கியாளர் குழுவில் அரசும் உட்காருகிறது. அங்கே இந்தப் பட்டியலை வைத்துக் கேட்கலாம். பழைய ஆவணங்களில் உள்ள சொற்களை அழிக்க முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் கைவிட்ட பெயர்களும் பட்டியலில் இருக்க வேண்டும் என்கிறேன். இல்லாவிட்டால் பழைய சான்றில் பெயர் வேறாக இருக்கிறது என்று சொல்லி அடுத்த தலைமுறையையும் திருப்பி அனுப்புவார்கள்.

எல்லாத் துறைக்கும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்றில்லை. வருவாய்த் துறை, பதிவுத் துறை, கூட்டுறவு ஆகிய மூன்றின் சான்றுகளையும் விண்ணப்பங்களையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை முடிவு செய்யும் குழுவில் தமிழறிஞர்களோடு ஒரு வட்டாட்சியர், ஒரு சார்பதிவாளர், நீதிமன்ற அலுவலர் ஒருவர், இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுகிற ஒருவர் ஆகியோரும் இருக்கட்டும். வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டால், எங்கள் வாசலில் திரும்பி வந்த விண்ணப்பங்களில் இருக்கும் சொற்களை எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

ஒரு சான்றுக்கு ஒரு பெயர், எல்லா அலுவலகத்திலும் அதே பெயர். தயவுகூர்ந்து இதற்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர் ஒருவர்