தோசைக்கல் பக்கத்தில் பத்து நிமிடம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

"தமிழில் கேட்டால்தான் தருவேன்" என்று உன் பையனிடம் நீ போட்ட சட்டம் மூன்றாம் நாளே உடைந்த கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், கோவிக்காதே. இங்கே நியூஜெர்சியில் நானும் அதைத்தான் முதலில் செய்தேன். மகள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு வயசு, ஃபிரிட்ஜைத் தானே திறந்து எடுத்துக்கொள்ளத் தெரியாதா?

உன் பையனுக்குத் தமிழ் புரிகிறது, வாயில்தான் வருவதில்லை. காதால் கேட்டுப் புரிந்துகொள்வது வேறு. சொல்லைத் தேடி எடுத்து, விகுதி சேர்த்துச் சொல்வது வேறு. பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து அந்த இரண்டாவது பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

அதனால் நாள் முழுக்கத் தமிழ் என்று ஆரம்பிக்காதே. தினமும் பத்து நிமிடம், ஒரே இடத்தில். எங்களுக்கு அது இரவு தோசை நேரம். கைக்கு வேலை இருக்கும், முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி.

"என்ன வேணும்?" என்று கேட்டால் ஆங்கிலம்தான் வரும். "முறுகலா, மெத்துனா?" என்று கேள். பதில் உன் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவன் "கிரிஸ்பி" என்றால், "முறுகலா? சரி" என்று சொல்லிவிட்டு மாவை ஊற்று. திருப்பிச் சொல்லச் சொல்லாதே. என் மகள் வாயில் "முறுகல்" வர மூன்று வாரம் ஆயிற்று.

அப்புறம் வினைச்சொல்லுக்குப் போ. "நீ ஊத்தறியா, நான் ஊத்தவா?" என்றால், "ஊத்தறியா" என்பதை "ஊத்தறேன்" என்று மாற்றினால் போதும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இரு. நமக்குத்தான் அந்த மௌனம் தாங்காது, நாமே ஆங்கிலத்தில் முடித்துவிடுவோம்.

"நான் ஹோம்வொர்க் ஃபினிஷ் பண்ணிட்டேன்" என்று வந்தால் தமிழ் இல்லை என்று தள்ளாதே. "பண்ணிட்டேன்" என்ற இடத்தில் காலமும் தன்மை விகுதியும் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. கடினமான பாதி அதுதான். "முடிச்சிட்டியா?" என்று மட்டும் கேள். ஒருநாள் என் மகள் "நான் வாந்தேன்" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். மனப்பாடம் செய்த பிள்ளை அந்தத் தப்பைச் செய்யாது. "வா"வில் விகுதியைத் தானே ஒட்டிப் பார்த்திருக்கிறாள். "எப்ப வந்தே?" என்று கேட்டுவிட்டு அடுத்த தோசைக்குப் போனேன்.

கெடுப்பது சொந்தக்காரர்களின் சிரிப்பு. "ழ" சரியாக வரவில்லை என்று ஒரு மாமா கேலி செய்ததில் எங்களுக்கு ஒரு மாதம் போயிற்று. போனில் "பாட்டிகிட்டத் தமிழ்ல பேசு" என்று பிறர் முன் நிறுத்துவதும் அப்படித்தான். அதைவிட, தோசைக்கு எவ்வளவு வெந்தயம் போடணும் என்று அவனையே பாட்டியிடம் கேட்கச் சொல். பாட்டிக்கு ஆங்கிலம் வராது, கேட்டே ஆகணும்.

அறிவியல் புராஜெக்ட், வீடியோ கேம் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அவன் மனசுவிட்டுப் பேசும்போது மொழியைத் தொடாதே.

மாவு அரைத்தாயா? இந்த வாரமே ஆரம்பி.

அன்புடன்,
அக்கா