பஞ்ச் கார்டும் ஓ.டி. கணக்கும்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். உன் அக்கா மகனின் பஞ்ச் கார்டுப் படம் வந்து சேர்ந்தது. "மாதச் சம்பளத்தில் ஓ.டி. குறைகிறது, எங்கே என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். 5ஆம் தேதி திங்கள் முதல் 10ஆம் தேதி சனி வரை ஒரு வாரத்தை எடுத்து முழுக்கப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு வாரத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். கார்டைக் கையில் பிடித்துச் சாய்வாக எடுத்திருக்கிறான். சாய்ந்தால் வரிசை நழுவும்; 7ஆம் தேதி நேரம் 8ஆம் தேதிக்கு எதிரே இருப்பதுபோல் தெரியும். கார்டை மேசையில் வைத்து, ஃபோனை நேர்மேலே பிடித்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பட்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றவும் வேண்டாம். பல மெஷின்கள் தாமதமான பஞ்சைச் சிவப்பில் அடிக்கும், அந்த நிறம் நமக்குத் தேவை.

ரிப்பன் மங்கியதால் 8ம் 3ம் ஒன்றுபோல இருக்கின்றன. திங்கள் வெளியேறிய நேரம் 18:48ஆ, 13:48ஆ என்று முதலில் குழப்பம். அன்று சாப்பாடு முடிந்து உள்ளே வந்தது 12:57. 13:48 என்றால் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாமல் போயிருக்க வேண்டும், ஆகவே 18:48தான். ஆனால் கடைசி இலக்கம் 8ஆ 3ஆ என்பதை இப்படி யோசித்துத் தீர்க்க முடியாது. அதே கார்டில் சந்தேகமில்லாத ஓர் எட்டைத் தேடி, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எட்டுதான்.

இனிக் கணக்கு. ஒப்பந்தப்படி வாரத்துக்கு 44 மணி: திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 8, சனி 4. திங்கள் முதல் புதன் வரை காலை 8 முதல் மாலை 5, வியாழனும் வெள்ளியும் பகல் 2 முதல் இரவு 11. இரண்டிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி. சனி 2 முதல் 6. இதற்கு மேல் செய்வதெல்லாம் ஓ.டி. இடைவேளை வேலை நேரத்தில் சேராது.

திங்கள் 07:52க்கு உள்ளே வந்திருக்கிறான். சீக்கிரம் தொடங்கச் சொல்லவில்லை என்பதால் 8:00 என்றே எடுத்துக்கொண்டேன். 17:00க்குப் பிறகு நிற்காமல் 18:48 வரை வேலை: 1 மணி 48 நிமிடம். இதில்தான் முதல் இழப்பு. இடையில் பஞ்ச் அடிக்காததால் 18:48 மதியத்து 'அவுட்' கட்டத்தில் விழுந்திருக்கிறது, ஓ.டி. கட்டம் காலி. ஓ.டி. கட்டத்தை மட்டும் கூட்டுகிற குமாஸ்தாவுக்கு அந்த நேரம் கண்ணில் படாது. புதன்கிழமை அவன் 17:02க்கு வெளியேறி, 17:30க்குத் திரும்பி, 20:45 வரை இருந்தான். அது ஓ.டி. கட்டத்தில் ஒழுங்காக விழுந்தது: 3 மணி 15 நிமிடம்.

வியாழன்தான் பெரிய சிக்கல். அன்றைய வரிசையில் சாப்பாட்டு நேரப் பஞ்சை விட்டால் 13:56 மட்டும் இருக்கிறது, வெளியேறியதே இல்லை. வெள்ளி வரிசையிலோ 00:25, 13:56, 23:04 என்று மூன்று. மெஷின் நள்ளிரவில் தேதியை மாற்றிவிட்டது; வியாழன் வேலை முடித்து அடித்த பஞ்ச் வெள்ளியின் கணக்கில் ஏறிவிட்டது. வரிசையாக ஜோடி சேர்த்தால் வெள்ளி 00:25 முதல் 13:56 வரை பதின்மூன்றரை மணி என்று அபத்தமாக வரும், அல்லது வியாழன் பாதியில் அறுந்த நாளாகப் போய் ஓ.டி. பூஜ்யமாகும். ஒரு வரிசையில் ஒற்றைப்படையில் பஞ்ச் இருந்தால் உடனே அடுத்த நாளின் முதல் நேரத்தைப் பார். 00:25ஐ வியாழனுக்குத் திருப்பினால் 14:00 முதல் 00:25 வரை 10 மணி 25 நிமிடம், சாப்பாட்டு நேரம் போக 9:25, ஓ.டி. 1 மணி 25 நிமிடம். நாள் மாறும் நேரத்தை விடிகாலை 4 அல்லது 5 என்று வைத்துக்கொள்ள வசதி உள்ள மெஷின்கள் இருக்கின்றன. இரவு வேலை உள்ள இடத்தில் அப்படித்தான் வைக்க வேண்டும். எக்செல்லில் போடுகிறாய் என்றால் நள்ளிரவைத் தாண்டுகிற நேரத்துக்கு இந்தச் சூத்திரம் போதும், விடை மணியில் வரும்:

```
=MOD(B2-A2,1)*24
```

செவ்வாய், வெள்ளி, சனியில் முடிவில் 3, 4, 3 நிமிடம் மிஞ்சுகின்றன. அது மெஷின் முன் வரிசையில் நின்ற நேரம், நான் சேர்க்கவில்லை. அதைக் கேட்டு வாதாடினால் மற்ற நியாயமான கணக்கும் பலவீனப்படும்.

மொத்தம் 1:48 + 3:15 + 1:25 = 6 மணி 28 நிமிடம். இதை 6.28 என்று பெருக்கிவிடாதே. 28 நிமிடம் என்பது 0.467 மணி, ஆகவே 6.467.

விகிதத்துக்கு வருவோம். அடிப்படைச் சம்பளம் 1,430 வெள்ளி. சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் முறை: மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 × 44ஆல் வகுக்க வேண்டும். 17,160 ÷ 2,288 = 7.50 வெள்ளி. ஓ.டி.க்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது 11.25. அந்த வாரத்துக்கு 72.75 வெள்ளி வர வேண்டும். சிலர் 26 நாள், 8 மணி என்று வகுப்பார்கள். அப்போது அதே நேரத்துக்கு 66.69தான் வரும். ஒவ்வொரு நாளையும் அரை மணிக்குக் கீழே வெட்டினால் ஐந்தரை மணி, 61.88 வெள்ளி. திங்களையும் வியாழனையும் விட்டுவிட்டு ஓ.டி. கட்டத்தை மட்டும் பார்த்தால் 3:15க்கு 36.56 வெள்ளி. இந்த மூன்றில் எது நடந்தது என்பதைச் சம்பளச் சீட்டு காட்டிக்கொடுக்கும்: ஓ.டி. மணி எத்தனை, அதற்கான தொகை எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டாக வேண்டும். தொகையை மணியால் வகுத்துப் பார். 11.25 வந்தால் விகிதம் சரி, மணியைத்தான் குறைத்திருக்கிறார்கள்.

உடலுழைப்பு வேலை என்பதால் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் இருக்கும்வரை அவனுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அலுவலக வேலைக்கு வரம்பு 2,600தான். சாப்பாட்டு அலவன்ஸை அடிப்படையில் சேர்க்கக் கூடாது, 1,430 என்பது அது இல்லாத தொகையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்.

அடுத்த வாரம் 12ஆம் தேதி தொடங்குகிறது. கார்டின் முன்பக்கம் 15ஆம் தேதியோடு முடிவதால் வெள்ளியும் சனியும் பின்பக்கத்தில் இருக்கும். அதை அவன் எடுக்கவே இல்லை. பெயரும் மாதமும் தெரிய இரண்டு பக்கத்தையும் எடுத்து, அந்த மாதச் சம்பளச் சீட்டோடு அனுப்பச் சொல். கார்டை ஆபீசில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் எடுத்துவிடட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்