எழுத்து தெரியாத வீட்டுக்கும் ஒரு கதைப்பை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

"எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளை படிக்கிறதுக்கு நான் என்ன செய்ய முடியும்?" எங்கள் வாசிப்புக் குழு வீடு வீடாகப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அதிகமாகக் கேட்ட கேள்வி இது. நாங்களும் முதலில் தவறான பதிலைத்தான் கொடுத்தோம். கதைப் புத்தகங்களைக் கொடுத்து, "தினமும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனால், பெரும்பாலான வீடுகளில் புத்தகம் கசங்காமல் அலமாரி மேல் இருந்தது. வாசிக்கத் தெரியாதவரிடம் வாசிக்கச் சொல்லி, அவரைப் பிள்ளை முன்னால் கூச வைத்திருந்தோம்.

அதற்கு அப்புறம்தான் வேலை செய்யும் முறையை மாற்றினோம். இப்போது அந்த முறையை நாற்பது குடும்பங்களுக்குக் கொண்டுபோக உங்களிடம் உதவி கேட்கிறோம்.

காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக விளக்கினார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறமை ஒரு பக்கம், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறமை இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்துக் கூட்டுவது பள்ளிக்கூடத்தின் வேலை. மற்ற பாதி பேச்சிலும் கதையிலும் வளர்வது. அதற்கு எழுத்தறிவு தேவையில்லை. பிள்ளையோடு பேச ஆள் இருந்தால் போதும்.

எப்படிச் செய்கிறோம் என்பதை ஒரு வீட்டை வைத்தே சொல்கிறோம். ஏழு வயதுப் பையன். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். முதல் முறை போனபோது, வரிகளே இல்லாத படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனோம். தாகமெடுத்த காகம், அடியில் கொஞ்சமாகத் தண்ணீர் கிடக்கும் குடம், பக்கத்தில் கூழாங்கற்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை. எழுத்தே இல்லாததால் அம்மா தப்பாக வாசித்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அன்று அவர் கதையை முழுதாகச் சொன்னார், பையன் கேட்டான், அவ்வளவுதான்.

இரண்டாவது நாள் அதே கதை, ஆனால் நடுவில் நிறுத்தி நிறுத்தி. இங்கேதான் முதலில் சறுக்கியது. "இது என்ன? இது என்ன கலர்? எத்தனை கல்லு?" என்று அம்மா பரீட்சை வைக்க ஆரம்பித்துவிட்டார். பையன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, மூன்றாவது பக்கத்தில் எழுந்து போய்விட்டான். பிள்ளையின் பதில் ஒரு சொல்லோடு நின்றால் கேள்வியில் கோளாறு என்று அர்த்தம். அடுத்த முறை எங்கள் தோழி அவரிடம் இரண்டே விஷயம் சொன்னார். "ஏன்", "அப்புறம் என்ன ஆகும்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணும்வரை பேசாமல் இருங்கள்.

"காக்கா ஏன் குடத்தைத் தள்ளி விடல?" என்று அம்மா கேட்டார். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் பையன், "தண்ணி கொட்டிரும்" என்றான். அம்மா உடனே, "ஆமா, குடத்தைச் சாய்ச்சா இருக்கிற கொஞ்சத் தண்ணியும் மண்ணுல கொட்டிரும்" என்று அவன் சொன்னதையே எடுத்து நீட்டிச் சொன்னார். அவனும் அதைத் திருப்பிச் சொன்னான். இரண்டு சொல்லில் இருந்தவன் ஒரு முழு வாக்கியத்துக்கு வந்துவிட்டான். காரணமும் விளைவும் ஒரே வாக்கியத்தில் வந்தது. பாடப் புத்தகத்தில் அவனுக்குப் புரியாமல் போவதும் இந்த மாதிரி வாக்கியங்கள்தான்.

மூன்றாவது நாள் பையன் கதை சொல்ல, அம்மா கேட்டார். யார் குரல் அதிகமாகக் கேட்கிறது என்று நாங்கள் கவனிப்பது அந்த நாளில்தான். அம்மாவின் குரலே ஓங்கியிருந்தால் அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போவோம்.

அடுத்து வருவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். அம்மாவுக்கே சொந்தமான ஒரு கதையைச் சொல்லச் சொல்கிறோம். அந்த அம்மா, தான் சிறுமியாக இருந்தபோது மழை இரவில் ஆட்டுக்குட்டி காணாமல் போனதைச் சொன்னார். அதைப் பதிவுசெய்து, பத்து வாக்கியமாக எழுதி, பக்கத்துக்கு ஒரு வாக்கியமாக, மேலே படம் வரைய இடம் விட்டுத் தைத்துக் கொடுத்தோம். பையன் படம் வரைந்தான். அவன் வாசிப்பது அம்மாவின் வாய்ச்சொல். அடுத்து என்ன வரும் என்று ஏற்கெனவே தெரியும் என்பதால், எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். "குட்டி கத்துச்சு" என்று அவர் சொன்னதை முதல் பிரதியில் அப்படியே எழுதினோம். "குட்டி கத்தியது" என்ற எழுத்து நடை இரண்டாவது பிரதியில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, பேசுவதும் புத்தகத்தில் இருப்பதும் ஒரே மொழிதான் என்று அவனுக்குப் பிடிபட்டது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பிள்ளை எழுத்தைப் பார்க்காமலே கதையை மனப்பாடமாக ஒப்பிக்கலாம். அம்மாவால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அதே வாக்கியங்களைச் சீட்டுகளில் எழுதி, சொல் சொல்லாக வெட்டி, கலைத்துக் கொடுக்கிறோம். பிள்ளை வரிசையாக அடுக்கினால் சரி. தடுமாறினால் எந்தச் சொல்லில் தடுமாறுகிறது என்று குறித்து ஆசிரியரிடம் சொல்கிறோம். எழுத்துக் கூட்டவே வராத பிள்ளைக்குக் கதை மட்டும் போதாது. அதை ஒவ்வொரு வீட்டிலும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளை பாடம் வாசிக்கும்போதும் அம்மா செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் முடிந்ததும், "புத்தகத்தை மூடு, என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேட்கலாம். சொல்வது கோர்வையாக இல்லை என்றால், "அந்த இடத்தை இன்னொரு தடவை படி" என்று சொல்லலாம். ஒரு கதை பொருந்துகிறதா இல்லையா என்பது காதுக்கே தெரியும்.

இப்போது எங்களுக்குத் தேவைப்படுவது இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு முறை போகிறோம். போகிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை, ஆனால் பயணச் செலவை அவர்கள் தலையில் கட்ட முடியாது. வரிகளில்லாத படப் புத்தகங்கள் நான்கு கொண்ட ஒரு கதைப்பை இரண்டு வாரம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அப்படிச் சுற்றினால் நாற்பது வீட்டுக்குப் பத்துப் பைகள் போதும். குடும்பக் கதைகளை அச்சிட்டுத் தைக்க கனமான தாள் வேண்டும், மெல்லிய தாள் பிள்ளைகள் கையில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பதிவுக் கருவி இரண்டு இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும்.

பணமாகத் தரலாம், பொருளாகவும் தரலாம். பழைய பாடப் புத்தகங்கள் மட்டும் வேண்டாம், அவற்றை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதித் தரும் வேலையில் சேர்ந்துகொள்ளலாம். இப்போது எங்களிடம் ஒன்பது குடும்பங்களின் பதிவுகள் எழுத ஆளில்லாமல் காத்திருக்கின்றன.

நன்கொடைக்கு ரசீது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வரவு செலவை நன்கொடை கொடுத்தவர்கள் முன்னால் வாசிப்போம். குடும்பம் சம்மதித்தால் அவர்கள் கதையின் ஒரு பிரதியையும் உங்களுக்கு அனுப்புவோம். சம்மதிக்காத கதை அந்த வீட்டை விட்டு வெளியே வராது.

அன்புடன்,
வாசிப்புக் குழுவினர்