புது முகவரிக்கான முதல் வித்டிராயல் முடங்கியது தொடர்பான புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வொயிட்லிஸ்ட் காத்திருப்பு பற்றி முன்கூட்டிச் சொல்லாதது, உதவிப் பிரிவு தந்த தவறான ஆலோசனை

ஐயா / அம்மையீர்,

கடந்த வெள்ளி மாலை 6.40க்கு என் ஹார்ட்வேர் வாலட்டின் பிட்காயின் முகவரியை உங்கள் கிரிப்டோ வர்த்தகத் தளத்தில், பணம் எடுக்க அனுமதித்த முகவரிகளின் பட்டியலான வொயிட்லிஸ்டில் சேர்த்தேன். மின்னஞ்சல் உறுதிப்பாடும் ஆத்தென்டிகேட்டர் எண்ணும் கொடுத்த பிறகு 0.02 பிட்காயின் எடுக்க விண்ணப்பித்தேன். தளம் அதை ஏற்றது, இருப்பிலிருந்து தொகையையும் கழித்தது. பிறகு திரையில் "Processing" என்பதைத் தவிர வேறு தகவலே இல்லை. புது முகவரிக்கு 48 மணி நேரக் காத்திருப்பு உண்டென்று உங்கள் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். முகவரி சேர்க்கும் திரையிலும் பணம் எடுக்கும் திரையிலும் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

சனிக்கிழமை சாட்டில் கேட்டதற்கு, பிட்காயின் நெட்வொர்க்கில் நெரிசல் என்றார் உங்கள் ஊழியர். அது உண்மையல்ல. நெரிசலில் சிக்கிய பரிவர்த்தனைக்கும் டிரான்சாக்‌ஷன் ஐடி இருக்கும். பரிவர்த்தனைகளை எவரும் பார்க்கக்கூடிய பிளாக் எக்ஸ்புளோரர் தளத்தில் தேடினால் உறுதியாகாத நிலையில் அது காத்திருப்பது பெரும்பாலும் தெரியும். என் விண்ணப்பத்துக்கு ஐடியே உருவாகவில்லை. அதாவது காயின் உங்கள் தளத்தை விட்டு வெளியேறவே இல்லை. தாமதம் யார் பக்கம் என்று கண்டுபிடிக்க வாடிக்கையாளர் முதலில் பார்க்க வேண்டியதே இந்த ஐடியைத்தான். அதை உங்கள் ஊழியர் பார்க்காமலே பதில் சொன்னார்.

அடுத்து வந்த ஊழியர், முகவரியை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொன்னார். நான் அதைச் செய்யவில்லை. நீக்கிச் சேர்த்தால் 48 மணி நேரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். சனி மதியம் 1.15க்கு அப்படிச் செய்திருந்தால், ஞாயிறு மாலை 6.40க்கு முடிய வேண்டிய காத்திருப்பு திங்கள் மதியம் 1.15 வரை நீண்டிருக்கும். விவரம் தெரியாதவர் இதையே இரண்டு மூன்று முறை செய்து நாள்கணக்கில் தவிப்பார்.

விதியை எடுத்துவிடச் சொல்லி நான் எழுதவில்லை. அது இருந்தே ஆக வேண்டும். ஆத்தென்டிகேட்டர் எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறினாலும், போலி லாகின் பக்கத்தில் ஒருவர் அதைத் தட்டிய கணமே திருடன் உண்மையான தளத்தில் போட்டு நுழைந்துவிட முடியும். நுழைந்தவன் தன் முகவரியைச் சேர்த்து மொத்தத்தையும் அனுப்பப் பார்ப்பான். காத்திருப்பு இருந்தால், "புது முகவரி சேர்க்கப்பட்டது" என்ற மின்னஞ்சலை உரிமையாளர் பார்த்துக் கணக்கை முடக்க அவகாசம் கிடைக்கும். சிம்மைக் கைப்பற்றும் மோசடியில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் எண்ணை மீட்கவே ஒரு நாள் போய்விடும். புதிய பயனாளிக்கு முதல் 24 மணி நேரம் வரம்பு வைக்கும் வங்கிகள் நம் ஊரிலும் உண்டு. வங்கிப் பணத்தையாவது புகார் கொடுத்து நடுவில் நிறுத்த வழியிருக்கிறது. உறுதியான பிட்காயின் பரிவர்த்தனையை எவராலும் திரும்பப் பெற முடியாது. இதே காரணத்தால், வொயிட்லிஸ்ட்டை அணைப்பதற்கும் அதே காத்திருப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருடன் முதலில் அதைத்தான் அணைப்பான்.

உங்கள் உதவிப் பக்கத்தில் இல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. பெரும்பாலான ஹார்ட்வேர் வாலட்கள் ஒவ்வொரு வரவுக்கும் புதிய bc1q முகவரியைக் காட்டும். பழையது காலாவதியாகிவிட்டதென்று நினைத்துப் புதியதைச் சேர்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் தொடங்கும். பழைய முகவரியும் வாலட்டின் ரகசியச் சொற்தொடரான அதே சீடிலிருந்து வந்ததுதான், அதற்கு அனுப்பினாலும் பணம் வந்து சேரும். ஒரே முகவரியைத் திரும்பப் பயன்படுத்தினால் வரவுகளை எல்லாம் வெளியாள் ஒன்றாகக் கோத்துப் பார்க்கலாம் என்ற குறை மட்டும் உண்டு. இரண்டையும் சொல்லி வாடிக்கையாளரையே முடிவெடுக்க விடுங்கள்.

என் பணத்தில் எனக்கு நேர்ந்த பாதிப்பு இதுதான்: 0.02 பிட்காயின் கணக்கிலும் இல்லை, வாலட்டிலும் இல்லை. ரத்து பொத்தான் இல்லாததால் காத்திருப்பு முடியும் வரை அதை விற்கவும் வழியில்லை. முகவரி முதிராத நிலையில் விண்ணப்பத்தை ஏற்றுத் தொகையைக் கழித்ததற்குப் பாதுகாப்புக் காரணம் எதுவும் கிடையாது.

எனவே கேட்பவை: முதிராத முகவரிக்கு விண்ணப்பம் வந்தால் தொகையைக் கழிக்காமல், "இந்த முகவரி ஞாயிறு மாலை 6.40க்குத் திறக்கும்" என்று நேரத்தோடு காட்டுங்கள். ஏற்கெனவே கழித்தவற்றுக்கு ரத்து வசதி கொடுங்கள். எச்சரிக்கை மின்னஞ்சலில், லாகின் செய்யாமலே கணக்கை முடக்கும் இணைப்பைச் சேருங்கள். மின்னஞ்சலும் திருடன் கையில் இருக்கக்கூடும் என்பதால் செயலியிலும் எஸ்எம்எஸ்ஸிலும் அதே எச்சரிக்கையை அனுப்புங்கள். "நீக்கிச் சேருங்கள்" என்ற ஆலோசனையை உதவிப் பிரிவின் பதில்களிலிருந்து எடுத்துவிட்டதாக எழுத்தில் தெரிவியுங்கள்.

இரண்டு சாட்களின் பதிவையும் முகவரி சேர்த்த நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்