பம்மத்தில் மறித்தால் பம்மத்திலேயே நில்லுங்கள்

நாகர்கோவில் – களியக்காவிளை ரோட்டில் வேன், டெம்போ, லாரி ஓட்டும் தம்பிமாருக்கு,

நவராத்திரி நெருங்குகிறது. சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலை குமாரசுவாமி, பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி சாமிகள் மூவரும் பவனியாகத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். முதல் நாள் ராத்திரி குழித்துறையில் தங்கி, மறுநாள் களியக்காவிளை தாண்டுவார்கள். இதே ரோட்டில் பல வருஷம் பஸ் ஓட்டியவன் என்ற உரிமையில் சிலது சொல்கிறேன்.

தேர்த் திருவிழா என்றால் அடைக்கும் இடம் நான்கு ரதவீதியோடு நின்றுவிடும். சாமி பவனி அப்படியில்லை, அது நடந்துகொண்டே இருக்கும். பல்லக்கு சுமப்பவர்கள் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தால் அதிகம். வழியெங்கும் தட்டம் வைத்து வரவேற்பும் உண்டு. அதனால் போலீஸ் முன்னால் உள்ள ஜங்ஷன்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போவார்கள், பின்னால் உள்ளதை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வருவார்கள். காலையில் நண்பன் போன வழி உங்களுக்குத் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. மைக்கில் கேட்டதும் வாட்ஸ்அப்பில் வந்ததும் அரைமணி நேரத்தில் பழசாகிவிடும். அந்த நேரத்தில் ஜங்ஷனில் நிற்கும் காவலர் காட்டும் கைதான் கணக்கு.

பெரிய வண்டியை ஏன் அவ்வளவு தூரத்திலேயே மறிக்கிறார்கள் என்று பலருக்கும் எரிச்சல். லாரியைத் திருப்ப இடம் இருக்கும் கடைசி ஜங்ஷன் எதுவோ, அங்கேதான் மறித்தாக வேண்டும். மார்த்தாண்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேம்பாலம் தொடங்கும் பம்மத்தில் காவலரிடம் கெஞ்சியோ, முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்தோ மேம்பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழி கிடையாது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் மேலேயே கிடக்க வேண்டியதுதான். பின்னாலும் வண்டி ஏறிவிடுவதால் ரிவர்ஸும் எடுக்க முடியாது. வெயிலில் வேனுக்குள் குழந்தைகள் அழும்போதுதான் பம்மத்து நிழல் நினைவுக்கு வரும்.

அடுத்தது, நம் ஆட்கள் விடாமல் செய்யும் வேலை. பவனி ரோட்டைக் கடக்கப் பத்து நிமிஷம் நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள். பத்து வண்டி வரிசையாக நிற்கும். பதினொன்றாவதாக வருபவர் வலதுபக்கம் காலியாக இருக்கிறதே என்று முன்னால் போய் நிற்பார். அவர் பின்னால் ஐந்து பேர். எதிர்ப்பக்கமும் இதே கதை. கயிற்றை அவிழ்த்ததும் இரண்டு பக்கமும் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு மூஞ்சிக்கு மூஞ்சி நிற்கும். சாமி போய் ஒரு மணி நேரம் ஆனாலும் அந்தச் சிக்கு அவிழாது. ரயில்வே கேட்டில் தினமும் பார்ப்பதுதானே! ஒருவர் பின் ஒருவராக நின்று வலதுபக்கத்தைச் சும்மா விட்டால் போதும். ஆம்புலன்ஸ் வருவதும் அந்தப் பக்கமாகத்தான். கூட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் மனுஷர் விலகி வழி விட்டுவிடுவார்கள். வண்டியால்தான் விலக முடியாது. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஈ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டும் சேர்ந்தோ வரும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மாற்றுவழி என்று திருப்பிவிடும் ஊர்ச்சாலைகளை அநேகமாக ஒருவழியாக்கித்தான் விடுகிறார்கள். ஒற்றைத் தடச் சாலையின் அகலம் 3.75 மீட்டர். பஸ் இரண்டரை மீட்டர், கார் ஒன்றே முக்கால். கூட்டினால் நாலேகால் ஆகிறது. தென்னந்தோப்பு மதிலும் கால்வாய்க் கரையும் இருக்கிற இடத்தில் மிச்ச அரை மீட்டரை எங்கே தேடுவது? ‘நான் உள்ளூர்க்காரன், என் வீடு இதோ’ என்று எதிரே ஒரே ஒரு கார் வந்தால் போதும். பின்னால் இருபது வண்டி நின்றால், கடைசி வண்டி ரிவர்ஸ் எடுத்தால்தான் முதல் வண்டி அசையும். முன்னால் நடப்பது அந்தக் கடைசி ஆளுக்குத் தெரியாததால் அவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். மேப் அந்த இடுக்கு வழியை நீலமாகக் காட்டுகிறது என்று லாரியை விடாதீர்கள். அங்கே நெரிசல் இல்லை என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். உங்கள் வண்டியின் அகலம் தெரியாது.

பவனியை ஒட்டிப் போக நேர்ந்தால் ஏர்ஹாரனைத் தொடவே வேண்டாம். யானை நடந்தால் இன்னும் பின்தங்கி, ஹைபீம் போடாமல், என்ஜினை உறுமவிடாமல் போங்கள். பாகன் கை காட்டாமல் ஓவர்டேக் கூடாது.

திருவனந்தபுரம் ஏர்போர்ட் சவாரி எடுக்கிறவர்கள் பார்ட்டியிடம் முந்தின நாளே சொல்லி இரண்டு மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள். முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை: அன்றைக்கு டிரைவருக்கு ‘எங்கே நிற்கிறாய்’ என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் போடாதீர்கள். பம்மத்தில்தான் நிற்பான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர்,
தக்கலை