மாணவர் இணைப்பில் வெளியான வரைபட விடை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழுடன் வந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இணைப்பின் கணிதப் பக்கத்தில், மூன்றாம் வினாவுக்கான விடையில், "F(x) 0 முதல் 4 வரை உயர்வதால் f(x)-உம் அதே இடைவெளியில் உயர்ந்து, x = 4 என்ற இடத்தில் உச்சத்தை அடைகிறது" என்று ஒரு வாக்கியம் அச்சாகியிருந்தது. 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அந்த வாக்கியத்தைப் படித்த நாள் முதல் மனம் ஒரு நிலையில் இல்லை. அச்சுப் பிழையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அதற்குக் கீழே, அந்த வாக்கியத்துக்கு ஏற்றபடியே ஒரு படமும் வரையப்பட்டிருந்ததால், இது அச்சுக்கோத்தவர்மேல் போடக்கூடிய பழி அன்று.

வினாவைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை, நல்ல வினா. F(x) = ∫₀ˣ f(t) dt என்று திரட்டுச் சார்பை வரையறுத்து, F-இன் வரைபடத்தை மட்டும் கொடுத்து, அதிலிருந்து f எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லியிருந்தார்கள். f என்பது அந்தந்தக் கணத்தில் வந்து சேர்வது, F என்பது தொடக்கத்திலிருந்து சேர்ந்திருக்கும் மொத்தம் என்பது தாங்கள் அறியாதது அல்ல. மொத்தம் கூடுகிறது என்றால் வருவது மிகை எண்ணாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். வருவது முன்னைவிடக் கூடுகிறதா, குறைகிறதா என்பதை F-இன் ஏற்றம் சொல்லாது. அதன் வளைவுதான் சொல்லும். இந்த வேறுபாடு மாணவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பதற்காகவே கேட்கப்படும் வினாவுக்கு, அந்த வேறுபாட்டையே அழித்துவிட்டு விடை எழுதியிருக்கிறார்கள்.

தாங்கள் வெளியிட்ட படத்தையே எடுத்துக்கொள்கிறேன். F தொடக்கத்தில் சுழியில், கிடைமட்டமாகத் தொடங்குகிறது. x = 2 என்ற இடத்தில் உயரம் 4, x = 4 என்ற இடத்தில் உயரம் 8. அங்கிருந்து இறங்கி, x = 5 என்ற இடத்தில் 7-ஐயும் x = 7 என்ற இடத்தில் 5-ஐயும் தொடுகிறது. பிறகு மீண்டும் ஏறி, x = 8-இல் 5.5 ஆகி, அங்கிருந்து 10 வரை நேர்கோடாகச் சென்று 7.5-இல் முடிகிறது.

இத்தகைய படம் கையில் கிடைத்தால் வகுப்பில் நான் முதலில் செய்யச் சொல்வது, ஓர் அளவுகோலை எடுத்து வளைகோட்டின்மேல் தொடுகோடாக வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துவதுதான். கோலின் சாய்வுதான் அந்த இடத்தில் f-இன் மதிப்பு. தங்கள் இணைப்பின்மேல் அப்படியே கோலை வைத்து நகர்த்தினேன். சுழியில் படுத்திருந்த கோல், 2-ஐ நெருங்கும் வரை இடஞ்சுழியாகத் திரும்பி நிமிர்ந்துகொண்டே போனது. 2-ஐக் கடந்ததும் வலஞ்சுழியாகத் திரும்பத் தொடங்கி, 4-இல் மீண்டும் கிடைமட்டமாகி, அதற்கப்பாலும் அதே திசையில் திரும்பிக் கீழ்நோக்கிச் சாய்ந்தது. 5-க்குப் பிறகு மறுபடியும் இடஞ்சுழியாகத் திரும்பி, 7-இல் கிடைமட்டமாகி, சற்றே நிமிர்ந்து, 8-க்கு மேல் அசையாமல் கோட்டோடு ஒட்டி நின்றது.

கோல் இடஞ்சுழியாகத் திரும்பும் இடமெல்லாம் F மேல்நோக்கிக் குழிந்த இடம். அங்கே f உயர்கிறது. வலஞ்சுழியாகத் திரும்பும் இடம் F கீழ்நோக்கிக் குழிந்த இடம். அங்கே f இறங்குகிறது. கோல் திசை மாறும் 2, 5 ஆகிய இரண்டும் F-இன் வளைவு மாற்றப் புள்ளிகள். f-இன் உச்சமும் பள்ளமும் அவற்றுக்கு நேர் கீழேதான் வர வேண்டும். கோல் கிடைமட்டமாகும் 0, 4, 7 ஆகிய இடங்களில் f சுழியாகும். 4-இல் F ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாறுவதால் f அங்கே x-அச்சை மேலிருந்து கீழாகக் கடக்கிறது. 7-இல் கீழிருந்து மேலாகக் கடக்கிறது.

எண்களையும் படத்திலிருந்தே எடுக்கலாம். x = 2-இல் வைத்த கோல் (1, 0), (3, 8) என்ற இரண்டு புள்ளிகளின் வழியே சென்றது. இரண்டு கட்டம் வலப்பக்கம் போனால் எட்டுக் கட்டம் மேலே. எனவே சாய்வு 4. x = 5-இல் வைத்த கோல் (4, 9), (6, 5) வழியே சென்றது; சாய்வு -2. கோடு நேராகிவிட்ட 8 முதல் 10 வரை சாய்வு 1. ஆக, f சுழியிலிருந்து ஏறி 2-இல் 4 என்ற உச்சத்தைத் தொட்டு, இறங்கி, 4-இல் அச்சைக் கடந்து, 5-இல் -2 வரை ஆழ்ந்து, திரும்பி ஏறி, 7-இல் மீண்டும் அச்சைக் கடந்து, 8-இல் 1-ஐ அடைந்து, அதன்பின் மட்டமாகச் செல்லும். தங்கள் விடை உச்சம் என்று காட்டிய 4-இல் f-இன் மதிப்பு சுழி. அதைவிட, F இறங்கிக்கொண்டிருக்கும் 5 முதல் 7 வரையிலான பகுதியைப் பாருங்கள். அங்கே f உயர்ந்துகொண்டிருக்கிறது. குறை எண்ணாக இருந்துகொண்டே உயர்கிறது. தங்கள் விடையில் அந்தப் பகுதியிலும் f இறங்குவதாகத்தான் வரையப்பட்டிருக்கிறது.

அச்சான விடையில் f என்ற பெயரில் வரையப்பட்டிருப்பது F-இன் படமேதான். 4-இல் 8 உயரத்துக்கு அதே மேடு. அதை வரைந்தவர் ஒரே ஒரு முறை பரப்பளவைச் சரிபார்த்திருந்தால் போதும், பிழை தானே வெளிப்பட்டிருக்கும். 0 முதல் 4 வரை f-இன் கீழ் அமையும் பரப்பு, F(4) - F(0), அதாவது 8 ஆக இருக்க வேண்டும். அச்சான மேட்டின் கீழ்க் கட்டங்களை எண்ணினேன்; 16 வருகிறது. நான் மேலே சொன்ன f-இன் கீழோ, அடிப்பக்கம் 4, உயரம் 4 உள்ள ஒரு முக்கோணம். பரப்பு சரியாக 8. வரைந்து முடித்ததும் பரப்பைச் சரிபார்க்காமல் தாளை மடிக்காதே என்று எத்தனை ஆண்டுகள் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்!

F-இன் உயரத்துக்கும் f-இன் உயரத்துக்கும் தொடர்பே இல்லை என்பதையாவது விடையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். திரட்டலைச் சுழியிலிருந்து தொடங்காமல் வேறோர் இடத்திலிருந்து தொடங்கியிருந்தால், F-இன் படம் முழுவதும் மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும். எந்த இடத்திலும் சாய்வு மாறாது, ஆகவே f-உம் மாறாது.

என் தம்பியின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வினாவை அவள் தானாகவே முயன்று, 2-இல் உச்சமும் 5-இல் பள்ளமுமாக மிகச் சரியாக வரைந்திருந்தாள். மறுநாள் விடையைப் பார்த்துவிட்டு, தான் வரைந்ததை ரப்பரால் அழித்து, தங்கள் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டு என்னிடம் காட்ட வந்தாள். அழித்த கோட்டின் தடம் தாளில் இன்னும் தெரிந்தது. ஏன் அழித்தாய் என்று கேட்டதற்கு, "பேப்பர்லயே அப்படித்தான் போட்டிருக்கு தாத்தா" என்றாள். ஒரு பிள்ளை தனக்குச் சரியாகத் தெரிந்ததைத் தங்கள் இதழின்மேல் உள்ள நம்பிக்கையால் அழித்துவிட்டது என்பதுதான், ஐயா, என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

இது முதல் முறையும் அன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே இணைப்பில், கூர்முனை உள்ள ஒரு திரட்டுச் சார்பின் படத்தைக் கொடுத்து, f-ஐ அந்த இடத்தில் தொடர்ச்சியான கோடாக வரைந்திருந்தார்கள். கூர்முனையில் இடப்பக்கச் சாய்வு ஒன்று, வலப்பக்கச் சாய்வு வேறொன்று. ஆகவே f அங்கே ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியாக வேண்டும், அதைத் தொடர்ச்சியாக வரைய வழியே இல்லை. அன்றே ஓர் இன்லேண்ட் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, திருத்தமும் வரவில்லை.

மாணவர் இணைப்பு மட்டும் என்றிருந்தாலும் ஒருவாறு ஆறுதல் கொள்ளலாம். கடந்த ஆடி மாதம் தங்கள் முதல் பக்கத்தில், மேட்டூர் அணையின் நீர் இருப்பு நாள்தோறும் உயர்வதைக் காட்டும் ஒரு வரைபடத்தைப் போட்டு, "நீர்வரத்து தொடர்ந்து அதிகரித்து வருவதை இது காட்டுகிறது" என்று எழுதியிருந்தீர்கள். நீர் இருப்புதான் F. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தால் வருவது f. விநாடிக்கு 10,000 கன அடி வெளியேறிக்கொண்டிருக்கும்போது, வரத்து 40,000-இலிருந்து 25,000 கன அடியாகக் குறைந்தாலும் இருப்பு உயரவே செய்யும்; முதல் நிலையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.6 டி.எம்.சி. கூடும், இரண்டாவதில் 1.3 டி.எம்.சி. கூடும், அவ்வளவுதான். தாங்கள் போட்ட படத்தில் கோடு ஏறிக்கொண்டே, ஆனால் வரவரப் படிந்துகொண்டே சென்றது. என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது வலஞ்சுழியாகத்தான் திரும்பியது. அதாவது நிகர வரத்து குறைந்துகொண்டிருந்தது. வெளியேற்றத்தைக் கூட்டாத வரையில், அதற்கு வரத்து குறைந்தது என்பதே பொருள். அதே பக்கத்தின் கீழ் மூலையில் அன்றாட வரத்தும் வெளியேற்றமும் எண்களாக அச்சாகியிருந்தன. வெளியேற்றம் மாறவில்லை, வரத்து நாளுக்கு நாள் இறங்கியிருந்தது. தலைப்புக்கும் அந்த எண்களுக்கும் உள்ள முரண் எவர் கண்ணிலும் படாமல் இதழ் அச்சேறியிருக்கிறது. டெல்டாவில் இருந்துகொண்டு அந்தச் செய்தியை நம்பி நாற்று விடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது சிறியதுதான். அதே கணிதப் பக்கத்தில், அதே அளவில், F-இன் படத்தை மேலேயும் சரியான f-இன் படத்தைக் கீழேயுமாக, இரண்டின் x-அச்சுகளும் நேருக்கு நேர் பொருந்தும்படி வெளியிடுங்கள். 2, 4, 5, 7 ஆகிய நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகப் புள்ளிக்கோடுகள் போட்டுவிட்டால், நீண்ட விளக்கம் ஏதும் தேவைப்படாது. என் தம்பியின் பேத்திக்கு இரண்டாம் திருப்புதல் தேர்வு அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்கு முன் வரும் இணைப்பிலேயே இது இடம்பெற ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.